டைப் 1 இன்டர்ஃபெரான்: வைரஸ் வரும் முன்பே பக்கத்துச் செல் எப்படித் தயாராகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்லும் என்று படித்தேன். எப்படிக் கொல்கிறது?

கொல்வதில்லை. ஒரு குழாயில் வைரஸையும் இன்டர்ஃபெரானையும் கலந்து எத்தனை மணி நேரம் வைத்தாலும் வைரஸின் தொற்றும் திறன் அப்படியே இருக்கும். இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே கிடையாது. தொற்று கண்ட செல் வெளியே விடும் ஒரு சேதிப் புரதம் அது. அந்தச் சேதி கிடைத்த பக்கத்துச் செல் தன் மரபணுக்களில் சில நூறை முடுக்கிவிட்டு, வைரஸை எதிர்க்கும் புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. சண்டை முழுக்கப் பக்கத்துச் செல்லுக்குள்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

"டைப் 1" என்றால் என்ன? வேறு டைப்பும் இருக்கிறதா?

இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் சேதியைப் பிடிக்கும் புரதமான ஏற்பியில் எதில் போய் ஒட்டுகிறது என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். மனிதரில் ஆல்ஃபா வகையில் மட்டும் 13 மரபணுக்கள், பீட்டாவுக்கு ஒன்று, அப்புறம் ஒமேகா, எப்சிலான், கப்பா. இவை எல்லாம் 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன, எல்லாமே ஐ.எஃப்.என்.ஏ.ஆர். என்ற ஒரே ஏற்பியில் ஒட்டுகின்றன. அதனால் டைப் 1. காமா வகைக்கு வேறு ஏற்பி, அது டைப் 2. லாம்ப்டா டைப் 3. இங்கே பேசுவது டைப் 1 பற்றி மட்டும்.

கண்ணுக்கே தெரியாத இந்தப் பொருளை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1957, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். அலிக் ஐசக்ஸும் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜீன் லிண்டன்மேனும் கோழிக்கருவின் சவ்வைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸை அதன்மேல் விட்டு, உப்புக் கரைசலில் ஊற வைத்தார்கள். ஒட்டாத வைரஸைக் கழுவியும் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சவ்வு புதிய கரைசலுக்குள் எதையோ வெளியேற்றியது. அந்தக் கரைசலை மட்டும் எடுத்து, வைரஸையே பார்த்திராத புதிய சவ்வுத் துண்டுகளில் ஊற்றி, பிறகு உயிருள்ள வைரஸை விட்டால் அது சரியாகப் பெருகவில்லை.

வைரஸுக்கு எதிரான தன்மை செல்லிலிருந்து செல்லுக்குத் திரவம் வழியாகப் போயிருக்கிறது, அதுதான் இதில் முக்கியம். ஜப்பானில் யசுயிச்சி நகானோவும் யசுஹிகோ கோஜிமாவும் முயல் தோலில் இதே மாதிரியான ஒரு தடுப்புப் பொருளை 1954-லேயே கவனித்து எழுதியிருந்தார்கள். அவர்கள் பெயர் பல பாடப்புத்தகங்களில் விட்டுப்போவது நியாயமில்லை.

முதலில் மாட்டிக்கொண்ட செல்லுக்கு, உள்ளே வந்தது வைரஸ்தான் என்று எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து. நம் செல்லின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு முனையில் ஒரு மூடி உண்டு. இன்ஃப்ளூயன்சா போன்ற பல வைரஸ்கள் தம்மை நகலெடுக்கும்போது உருவாகும் ஆர்.என்.ஏ.வில் அந்த மூடி இருக்காது, முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் சுற்றும் ரிக்-ஐ என்ற புரதம் அதைப் பிடித்துவிடும். நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை எம்.டி.ஏ.5 பிடிக்கும். இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்திடம் சேதியைச் சேர்க்கும். அங்கிருந்து ஐ.ஆர்.எஃப்.3 என்ற புரதம் உட்கருவுக்குப் போய் இன்டர்ஃபெரான் பீட்டா மரபணுவை இயக்கும்.

தொற்று கண்ட எல்லாச் செல்லும் இதைச் செய்வதில்லை. ஒரு தட்டில் ஒரே வைரஸ், ஒரே வகைச் செல் என்று வைத்துப் பார்த்தாலும், இன்டர்ஃபெரான் விடுவது சில செல்கள் மட்டும்தான். அந்தச் சில செல்களின் குரலே சுற்றியுள்ளவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது. சுத்தமான இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய 20 கோடி யூனிட் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் ஒற்றை இலக்க யூனிட் இருந்தாலே செல்கள் அதை உணரும். அவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிற சேதி இது.

சரி, சேதி பக்கத்துச் செல்லுக்குப் போய்விட்டது. அங்கே என்னென்ன நடக்கும், எவ்வளவு நேரத்தில்?

முதல் கட்டம் படு வேகம். இன்டர்ஃபெரான் ஒட்டியதும் ஏற்பியின் இரண்டு பாதிகளும் நெருங்கி வருகின்றன. அவற்றின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்1, டிக்2 என்ற இரண்டு நொதிகளும் ஒன்றையொன்று தூண்டி, ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த இரண்டு ஸ்டாட்டும் ஐ.ஆர்.எஃப்.9 என்ற மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் தமக்கென்று உள்ள குறியீட்டில் உட்காருகின்றன. அந்தக் குறியீடு எந்தெந்த மரபணுவின் முன்னால் இருக்கிறதோ அதெல்லாம் இயங்கத் தொடங்கும்.

இரண்டாவது கட்டத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். ஓரிரு மணி நேரத்தில் தூது ஆர்.என்.ஏ. ஏறுவதைப் பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து புரதம் செய்து, அது போதுமான அளவு சேர மேலும் பல மணி நேரம் ஆகும். ஆய்வகத்தில் பொதுவாக முந்தின நாள் மாலையே இன்டர்ஃபெரானைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வைரஸை விடுவது இதனால்தான். புதிய மரபணு வேலை நடந்தே ஆகவேண்டும் என்பதை 1960-களிலேயே நிரூபித்துவிட்டார்கள்: டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி என்ற மருந்தை இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுத்தால் பாதுகாப்பே வராது.

அப்போ பக்கத்துச் செல் புரதம் செய்வதையே நிறுத்திவிடுமா? அப்படி நிறுத்தினால் அது பிழைக்குமா?

பலரும் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் வைரஸுக்குச் சொந்தமாகக் கிடையாது, செல்லின் ரைபோசோமைத்தான் பிடித்து வேலை வாங்கும். ஆகவே புரத உற்பத்தியை மூடிவிட்டால் வைரஸும் நின்றுவிடும். ஆனால் வைரஸ் வருமோ வராதோ தெரியாத நிலையில் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான செல்களும் கடையை மூடினால் திசுவே வீணாகிவிடும்.

1974-இல் மில் ஹில்லில் இயன் கெர், பிரௌன், பால் ஆகிய மூவரும் செய்த சோதனை இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிக அழகான சோதனை இதுதான். எலிச் செல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒன்றுக்கு மட்டும் இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். பிறகு இரண்டையும் உடைத்துச் சாறு எடுத்தார்கள். அந்தச் சாற்றில் ரைபோசோமும் மற்றதும் இருப்பதால் குழாயிலேயே புரதம் செய்ய வைக்கலாம். இரண்டு சாறுமே செய்தன. ஆனால் துளியூண்டு இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் சேர்த்ததும், இன்டர்ஃபெரான் பார்த்த செல்லின் சாற்றில் மட்டும் புரத உற்பத்தி படுத்துவிட்டது. மற்ற சாற்றில் அதே அளவுக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

ஆக, இன்டர்ஃபெரான் புரத உற்பத்தியை நிறுத்துவதில்லை. நிறுத்தும் கருவியைச் செய்து, இயக்காமல் வைத்துவிட்டுப் போகிறது. எலிப்பொறியை வைத்தது இன்டர்ஃபெரான், அதைத் தட்டிவிட வேண்டியது வைரஸ். ஆரோக்கியமான செல்லில் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. திரியாது. பல வைரஸ்கள் தம்மை நகலெடுக்கத் தொடங்கினால் அது உருவாகும். வைரஸ் வராத செல் புரத உற்பத்தியை நிறுத்தாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் "கருவி" என்று சொல்வது எது?

முக்கியமாக இரண்டு.

முதலாவது பி.கே.ஆர். என்ற நொதி. எல்லாச் செல்லிலும் கொஞ்சம் இருக்கும், இன்டர்ஃபெரான் அதைப் பல மடங்காக்கும். சுமார் 30 கார இணைக்கு மேல் நீளமுள்ள இரட்டை இழை ஆர்.என்.ஏ. கிடைத்தால் இரண்டு பி.கே.ஆர். அதன்மேல் அருகருகே உட்கார்ந்து ஒன்றையொன்று இயக்கிவிடும். இயங்கியதும் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 என்ற காரணியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்படிப் பாஸ்பேட் ஒட்டிய இ.ஐ.எஃப்.2, தன்னைப் புதுப்பித்துத் தரவேண்டிய இ.ஐ.எஃப்.2பி-யை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த 2பி செல்லில் குறைவாகத்தான் இருக்கிறது. அதனால் எல்லா இ.ஐ.எஃப்.2-விலும் பாஸ்பேட் ஏறவேண்டிய அவசியமே இல்லை, ஒரு பங்கில் ஏறினாலே 2பி எல்லாம் சிக்கிக்கொண்டு உற்பத்தி முழுக்க நின்றுவிடும்.

இரண்டாவது ஓ.ஏ.எஸ்., ஆர்.என்.ஏஸ்-எல் என்ற ஜோடி. ஓ.ஏ.எஸ். அளவை இன்டர்ஃபெரான் ஏற்றும். இரட்டை இழை ஆர்.என்.ஏ. கிடைத்ததும் அது ஏ.டி.பி.யை எடுத்துச் சிறு சங்கிலிகளாகக் கோக்கும். சாதாரண ஆர்.என்.ஏ.வில் 3-ஆம் கார்பனுக்கும் 5-ஆம் கார்பனுக்கும் இடையே இருக்கும் பிணைப்பு, இதில் 2-க்கும் 5-க்கும் இடையே இருக்கும். செல்லில் வேறெங்கும் இப்படிப்பட்ட சங்கிலி வழக்கமாகக் கிடையாது, எனவே தவறுதலாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு குறைவு. சும்மா கிடக்கும் ஆர்.என்.ஏஸ்-எல் இந்தச் சங்கிலியைக் கண்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வை வெட்டித்தள்ளும். வைரஸின் ஆர்.என்.ஏ., செல்லின் ஆர்.என்.ஏ. என்று பார்க்காது. ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைக்கூட வெட்டும். செல்லிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து ஜெல்லில் ஓட்டினால், வழக்கமான இரண்டு தடித்த ரைபோசோம் பட்டைகளுக்குக் கீழே குறிப்பிட்ட சில துண்டுப் பட்டைகள் புதிதாகத் தெரியும். ஆர்.என்.ஏஸ்-எல் இயங்கியதற்கு அதுதான் கண்கண்ட சாட்சி. ஆர்.என்.ஏ. பொதுவாகக் கெட்டுப்போயிருந்தால் திட்டமான பட்டை வராது, கீழ்வரை மங்கலாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எல்லாப் புரதமும் இப்படி வைரஸுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்குமா?

இல்லை. ஐ.எஃப்.ஐ.டி.எம். புரதங்கள் சவ்வில் உட்கார்ந்து, வைரஸ் உள்ளே கலப்பதையே கடினமாக்கும். எம்.எக்ஸ். புரதம் இன்ஃப்ளூயன்சாவின் மரபுப் பொருளைச் சூழ்ந்து முடக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்ததும் அதே லிண்டன்மேன்தான்: இன்ஃப்ளூயன்சாவால் சாகாத ஓர் எலி இனத்தை 1960-களில் கவனித்தார். வைபெரின் என்ற நொதி, வைரஸ் ஆர்.என்.ஏ. நீளாமல் பாதியில் அறுந்துபோகச் செய்யும் ஒரு போலிக் கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும் என்பது 2018-இல் தெரியவந்தது. இவை செல்லுக்குப் பெரிய சேதம் செய்யாதவை, அதனால் தனியாகப் பூட்டு தேவைப்படவில்லை. செல்லையே நிறுத்திவிடக்கூடிய பி.கே.ஆருக்கும் ஓ.ஏ.எஸ்ஸுக்கும்தான் பூட்டு.

ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்க முடியுமா? எந்தச் செல்லை எடுப்பது?

வீரோ செல்லை எடுங்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. அதன் டைப் 1 இன்டர்ஃபெரான் மரபணுக்கள் இருந்த பகுதியே குரோமோசோமிலிருந்து அழிந்துபோயிருக்கிறது. சேதி அனுப்பத் தெரியாது, ஆனால் ஏற்பி இருப்பதால் சேதி வந்தால் கேட்கும். வைரஸ் தடையில்லாமல் வளர்வதால்தான் தடுப்பூசித் தயாரிப்பில் வீரோ செல் இவ்வளவு புழங்குகிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்ததும் இந்தச் செல்லில்தான்.

கிணறு வைத்த தட்டில் வீரோ செல் முழுக்கப் பரவியிருக்கட்டும். ஒரு வரிசைக்கு எதுவும் போடாதீர்கள். அடுத்த வரிசைகளில் மனித இன்டர்ஃபெரான் பீட்டாவை மில்லிலிட்டருக்கு 1, 10, 100 யூனிட் என்று போட்டு இரவு முழுக்க விடுங்கள். குரங்கு ஏற்பி மனித இன்டர்ஃபெரானை ஏற்கும். காலையில் கழுவிவிட்டு, கிணற்றுக்கு 50 துளை வரும் அளவுக்கு வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸ் வைரஸை விட்டு, அது திரவத்தில் மிதந்து வேறிடம் போகாமலிருக்க மேலே கெட்டியான செல்லுலோஸ் கரைசலை ஊற்றுங்கள். மறுநாள் ஃபார்மலினில் நிலைப்படுத்திக் கிரிஸ்டல் வயலெட் சாயம் போட்டால், உயிரோடிருந்த செல் ஊதாவாகவும் செத்த இடம் வெள்ளைத் துளையாகவும் தெரியும். எதுவும் போடாத வரிசையில் துளைகள் பெரிதாக, ஒன்றோடொன்று கலந்துகூட இருக்கும். யூனிட் ஏற ஏறத் துளைகள் முதலில் சிறுக்கும், பிறகு எண்ணிக்கையும் குறையும்.

எண்ணிக்கையை மட்டும் எண்ணிவிட்டுத் துளையின் அகலத்தைக் குறிக்காமல் விடுவது பலர் செய்யும் பிழை. வைரஸ் முதல் செல்லில் நுழைந்ததா என்பதை எண்ணிக்கை சொல்லும், பக்கத்துக்குப் பரவ முடிந்ததா என்பதை அகலம்தான் சொல்லும்.

சரிபார்ப்பு இரண்டு வையுங்கள். ஒரு வரிசையில் இன்டர்ஃபெரானோடு ருக்சோலிடினிப் என்ற ஜாக் தடுப்பு மருந்தையும் சேர்த்தால் துளைகள் திரும்பி வரவேண்டும். இன்னொரு வரிசையில் வைரஸை விட்டபிறகு இன்டர்ஃபெரான் கொடுங்கள், பாதுகாப்பு வெகுவாகக் குறையும். வேறு செல்லின் தொற்றுத் திரவத்தை எடுத்து ஊற்றிப் பார்ப்பதானால், அதில் மிச்ச வைரஸ் இருக்கும், அதை முதலில் செயலிழக்க வைக்கவேண்டும். பழைய வழி, திரவத்தை பி.எச். 2-க்கு அமிலமாக்கி வைத்திருந்து பிறகு நடுநிலைக்குக் கொண்டுவருவது. அந்த அமிலத்தில் இந்த வைரஸ் தாங்காது, டைப் 1 இன்டர்ஃபெரான் தாங்கும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் நமக்கு ஏன் டெங்கு வருகிறது?

டெங்கு வைரஸ் இந்தப் பாதையிலேயே கத்தி வைக்கிறது. அதன் என்.எஸ்.5 புரதம் மனித ஸ்டாட்2-வைப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவு இயந்திரத்திடமே கொடுத்து அழிக்க வைத்துவிடும். ஸ்டாட்2 இல்லையென்றால் தொற்றிய செல்லுக்கு இன்டர்ஃபெரான் சேதி காதில் விழாது. எலியின் ஸ்டாட்2-வை என்.எஸ்.5-ஆல் பிடிக்க முடியாது. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்கு சரியாகப் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். எனவே டெங்கு ஆராய்ச்சிக்கு இன்டர்ஃபெரான் ஏற்பியே இல்லாத எலிகளை வளர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனாலும் இதில் ஒரு வரம்பு உண்டு. என்.எஸ்.5 உருவாக வைரஸ் முதலில் செல்லுக்குள் வந்து தன் புரதத்தைச் செய்தாக வேண்டும். அதற்குள் சேதி கேட்டுத் தயாராகிவிட்ட செல்லில் அந்தப் புரதத்தைச் செய்வதே கடினம். எது முந்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்ற வைரஸ்கள் வேறு வழி பார்க்கின்றன: இன்ஃப்ளூயன்சாவின் என்.எஸ்.1 இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை மறைத்துவிடும், வாக்சினியா வைரஸ் ஒரு போலி ஏற்பியை வெளியே விட்டு இன்டர்ஃபெரானை வழியிலேயே உறிஞ்சிவிடும்.

இந்தச் சேதி மனிதரில் நிஜமாகவே தேவையா, இல்லை தட்டில் மட்டும் தெரிகிற விஷயமா?

2020-இல் கோவிட் இதற்குச் சோகமான முறையில் பதில் சொன்னது. மிகக் கடுமையான கோவிட் நிமோனியா வந்த 987 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 101 பேருக்குத் தங்கள் சொந்த டைப் 1 இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அறிகுறியே இல்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவருக்குக்கூட அவை இல்லை. செல்கள் எல்லாம் சரியாக இருந்தும், சேதி போய்ச் சேராமல் நடுவில் பிடிபட்டுவிட்டது.

அப்படியானால் காய்ச்சல் வந்ததும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவிடலாமே?

உடம்பு முழுக்க வைரஸ் பரவிய பிறகு, எச்சரிக்கை கிடைக்காமல் மிஞ்சியிருக்கும் பக்கத்துச் செல் எவ்வளவு? ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வில் இறப்பு குறையவில்லை.

நாள்பட்ட ஹெபடைடிஸ்-சி வேறு கதை. அங்கே வைரஸ் வருடக்கணக்காகக் கல்லீரலில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் ரிபாவிரினும் சேர்ந்து பலரைக் குணப்படுத்தின. ஆனால் பெரும்பாலும் 24 முதல் 48 வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும், காய்ச்சல், குளிர், உடம்பு முறிக்கிற வலி, சிலருக்குக் கடும் மனச்சோர்வு. வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தபிறகு அந்தச் சிகிச்சை பின்வாங்கிவிட்டது. வைரஸ் காய்ச்சலில் நாம் படும் வலியில் ஒரு பங்கு இன்டர்ஃபெரானின் வேலை என்பதும் இந்த ஊசிகளில்தான் தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் வைரஸ் இல்லாமல் இன்டர்ஃபெரானை மட்டும் கொடுத்தாலே அத்தனையும் வந்தது.

தயாரான செல் அப்படியே எப்போதும் தயாராக இருந்துவிட்டால் என்ன?

செல் அதை விடாது. இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்களிலேயே யு.எஸ்.பி.18 என்ற ஒன்று, ஏற்பியின் உள்பக்கம் போய் உட்கார்ந்து அடுத்த சேதியைக் கேட்கவிடாமல் செய்யும். ஏற்பிகளும் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். புதிய சேதி வராவிட்டால் செய்துவைத்த புரதங்கள் சில நாட்களில் தேய்ந்து தீரும்.

இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐகார்டி-கூட்டியர் நோய்க்குறி இருக்கிறது. செல்லின் சொந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துணுக்குகளைச் சுத்தம் செய்யும் நொதிகளில் பிறவிக் குறைபாடு, அதனால் வைரஸே இல்லாமல் இன்டர்ஃபெரான் ஓயாமல் சுரக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மூளை சிதைகிறது, பிறக்கும் முன்பே தாயிடமிருந்து வைரஸ் தொற்றிய குழந்தையைப் போலவே தெரிகிறது. தண்டுவடத் திரவத்தில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கூடியிருப்பதும், எந்த வைரஸும் கிடைக்காததும்தான் மருத்துவர்களுக்கு முதல் தடயம். ருக்சோலிடினிப் வகையைச் சேர்ந்த ஜாக் தடுப்பு மருந்துகளை இப்போது இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குத் தோல் புண்ணும் காய்ச்சலும் குறைகின்றன, ஆனால் மூளையில் ஏற்கெனவே போனது திரும்புவதில்லை. மருந்தில் இருக்கும்போது வைரஸ் தொற்று எளிதாகப் பிடிக்கும் என்பதால் அவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.